படகைக் கட்ட எந்தக் கயிறு, அதை எப்படிப் பின்னுவது: நைலான், பாலியெஸ்டர், நார்

சிங்கப்பூரில் சாங்கி பக்கம் ஒரு மிதவை மேடையில், நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கிய 7 மீட்டர் ஃபைபர் படகு ஒன்று நிற்கிறது. அதன் கயிறுகள் என் பொறுப்பு. புதிதாகப் படகு வாங்கி அக்கம்பக்கத்தில் நிறுத்துபவர்களுக்கும் கயிறு பின்னக் காட்டிக் கொடுக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். ஒன்று கடையில், தவறான பொருளை வாங்கும்போது. இன்னொன்று பின்னலின் முதல் சுற்றில், மூன்றாவது புரியைச் செருகும்போது. அதனால் இந்த இரண்டையும் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் செய்யப்போவது ஒரே ஒரு கயிறு. 12 மில்லிமீட்டர் தடிமன், 6 மீட்டர் நீளம். ஒரு முனையில், கயிறு மாட்டும் கொம்பான கிளீட்டில் போட ஒரு கண், அதாவது வளையம். மறுமுனையில், நுனி பிரியாமல் இருக்க நூல் கட்டு. இதை ஒருமுறை செய்துவிட்டால் நங்கூரக் கயிறும் இதே வழிதான்.

1. கயிறு என்ன வேலை செய்யப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படகில் கயிறு செய்யும் வேலை இரண்டு வகை. ஒன்றில் கயிறு நீள வேண்டும், இன்னொன்றில் நீளவே கூடாது.

படகைக் கட்டும் கயிறும் நங்கூரக் கயிறும் நீள வேண்டியவை. உபின் தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் பம்போட் ஒன்று வேகமாகக் கடந்தால், அதன் அலை வந்து நம் படகைத் தூக்கி இழுக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று திடீரென்று அடிக்கும்போது அந்த இழுப்பு இன்னும் மோசம். கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்தால் இழுப்பு மெதுவாக அடங்கிவிடும். நீளாவிட்டால் அதே வேகம் முழுவதும் கிளீட்டின் போல்ட்டில் போய் அடிக்கும்.

பாய்மரப் படகில் பாயை ஏற்றும் கயிறும், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறும் நீளக்கூடாதவை. அவை நீண்டால் காற்று கூடும்போதெல்லாம் பாய் தளர்ந்து போகும்.

2. மூன்று பொருள்களும் எங்கே ஒத்துவரும், எங்கே வராது

நைலான்தான் கட்டும் கயிற்றுக்கு என் தேர்வு. 12 மி.மீ. முப்புரி நைலான் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 3,000 கிலோ இழுப்பில்தான் அறும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழக்கமான சுமை ஏற்றக்கூடாது. அந்தச் சுமையிலேயே 6 மீட்டர் கயிறு அரை மீட்டருக்கு மேல் நீண்டு, விட்டதும் திரும்பிவிடும். நமக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

நைலானுக்குக் குறைகளும் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை பலம் குறையும். ஓரிரு ஆண்டுகளில் விறைத்துப்போய் நீளமும் சற்றுச் சுருங்கும். நீண்ட நிலையில் அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். அதனால் இழுப்பில் இருக்கும் கயிற்றுக்கு நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பாலியெஸ்டர், அதே இழுப்பில் நைலான் நீள்வதில் பாதிகூட நீளாது. நனைந்தாலும் பலம் குறையாது. நம் ஊர் வெயிலையும், கப்பியில் ஓடும் உராய்வையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். பாய்க் கயிறுகளுக்கு இதுதான் சரி.

ஆனால் இதை வைத்துப் படகைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மேடையிலேயே பார்த்தேன். பக்கத்துப் படகுக்காரர், பாய்மரப் படகில் மிச்சமான பாலியெஸ்டர் கயிற்றை வீணாக்க வேண்டாம் என்று தன் படகின் முன்பக்கம் கட்டியிருந்தார். சில மாதம் கழித்து அவருடைய கிளீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி, முட்டை ஓட்டில் விழும் கீறல் போல மெல்லிய கோடுகள் வெளிறிய பூச்சில் ஓடின. விரலால் கிளீட்டை அசைத்தால் ஆடியது. கயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அது நீளாததால் ஒவ்வொரு அலையும் போல்ட்டை இழுத்திருக்கிறது. நைலானுக்கு மாற்றி, கிளீட்டுக்கு அடியில் தகடு வைத்து முடுக்கிய பிறகு கீறல் பெருகவில்லை.

நார்க் கயிறு என்றால் மணிலா, சைசல், தேங்காய் நார். 12 மி.மீ. மணிலாவின் பலம் ஏறக்குறைய 1,000 கிலோ; நைலானில் மூன்றில் ஒரு பங்கு. பிடிக்க இதமாக இருக்கும், கையை வழுக்காது, பின்னவும் சுலபம். ஆனால் காய்ந்தபின்தான் சுருட்டி வைக்க வேண்டும். ஈரப்பதம் ஓயாத சிங்கப்பூரில், மூடிய பெட்டிக்குள் அது எங்கே காயப்போகிறது? வெளியே நன்றாகத் தெரியும் கயிறு உள்ளே மக்கிப்போயிருக்கும். இரண்டு கைகளாலும் முறுக்கைப் பிரித்து உள்ளே பாருங்கள். சாம்பல் நிறத் தூளும் பூஞ்சை வாசமும் இருந்தால் அதன் மேல் எந்தப் பாரமும் போடாதீர்கள். தேங்காய் நார் உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மிதக்கவும் செய்யும், பலம்தான் குறைவு. நான் நாரைப் பயன்படுத்துவது இரண்டுக்குத்தான்: படகு மேடையில் இடிபடாமல் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர் மேல் சுற்ற, பின்னல் பழக. பழகுவதற்கு மணிலாவைவிட நல்ல கயிறு இல்லை. புரிகள் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

3. கடையில் ஏமாறாமல் வாங்குவது

ஹார்ட்வேர் கடையில் நீலமாகவோ பச்சையாகவோ தொங்கும் மலிவான கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். லேசானது, தண்ணீரில் மிதக்கும். வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். நொறுங்கத் தொடங்கியதும் கையில் பொடிப்பொடியாகக் குத்தும். படகைக் கட்ட அது வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகும்வரை பிசைந்து விடுங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். அவை இரண்டையும் பார்வையால் பிரிப்பது கஷ்டம். ஒரு மீட்டர் துண்டைத் தூணில் கட்டி உடம்பைச் சாய்த்து இழுத்தால், நைலான் விட்டுக் கொடுப்பது கையிலேயே தெரியும். உருளையில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படித்துவிடுங்கள்.

பின்னப் பழகுபவர் முப்புரிக் கயிறாகவே வாங்குங்கள். உறை போட்ட பின்னல் கயிற்றுக்கு வேறு கருவியும் வேறு முறையும் வேண்டும். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. 7 மீட்டர் படகுக்கு 10 மி.மீ. போதும். நான் 12 வாங்குவது கைக்கு அடங்கி வருவதற்காகவும், உராய்ந்து கொஞ்சம் தேய்ந்தாலும் மிச்சம் இருக்கட்டும் என்பதற்காகவும்.

4. எவ்வளவு வெட்டுவது, என்னென்ன எடுத்து வைப்பது

கண்ணின் உள்நீளம் 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சிறிய கண் கிளீட்டில் விறைப்பாக விரிந்து, பின்னல் தொடங்கும் கழுத்தைப் பிளக்கப் பார்க்கும். 30 செ.மீ. கண்ணுக்கு 60 செ.மீ. கயிறு போகும், அதில் பாதி, கயிற்றின் மொத்த நீளத்திலேயே சேர்ந்துவிடுகிறது. ஆகவே 6 மீட்டரோடு இன்னொரு 30 செ.மீ., பின்னப் பிரிக்கும் புரிகளுக்கு 30 செ.மீ., மொத்தம் 6.6 மீட்டர். நான் 7 மீட்டராக வெட்டுவேன். நைலான் சுருங்கும், மறுமுனையை நறுக்கவும் கொஞ்சம் வேண்டும்.

சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று நிற மின்சார டேப், கூரான கத்தி, லைட்டர், விரல் தடிமனில் முனை மழுங்கிய மரக்குச்சி ஒன்று. குச்சி, முறுக்கைத் திறந்து பிடிக்க. நூல் கட்டுக்கு மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் ஒன்றரை மீட்டர், பெரிய ஊசி, ஊசியைத் தள்ளுவதற்குத் தடித்த தோல் கையுறை.

வெட்டும் முன் டேப்பைச் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் டேப்பைத் தேடினால், அதற்குள் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிடும்.

5. முனையைத் தயார் செய்தல்

நுனியிலிருந்து 30 செ.மீ. அளந்து, அங்கே டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். பிரிப்பது இந்த இடத்தோடு நிற்க வேண்டும். இது இல்லாவிட்டால் நீங்கள் பின்னிக்கொண்டிருக்கும்போதே கண் பக்கமாக முறுக்கு அவிழ்ந்துகொண்டு போகும்.

இப்போது நுனி டேப்பை எடுத்து மூன்று புரிகளையும் பிரியுங்கள். ஒவ்வொன்றின் நுனியையும் அதன் நிற டேப்பால் சுற்றி, லைட்டரால் லேசாக உருக்குங்கள். உருகிய நைலானை விரலால் தொடாதீர்கள். தோலோடு ஒட்டிக்கொண்டு எரியும். நிறத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கயிற்றைத் திருப்பியதும் எந்தப் புரி எது என்று எல்லோருக்கும் குழம்பும்.

அப்புறம் கயிற்றை மடக்கிக் கண்ணை உருவாக்குங்கள். கண் உங்கள் பக்கம், நீண்ட கயிறு உங்களை விட்டு அப்பால். வலது, இடது என்று நான் சொல்வதெல்லாம் இந்த நிலைக்குத்தான். கண்ணைத் தன் பக்கம் வைக்காமல் அப்பால் வைத்துப் பின்னினால் திசை மாறிப் புரிகள் முறுக்கோடு படுத்துவிடும், பிடிக்காது.

6. முதல் சுற்று: சிவப்பும் நீலமும்

டேப் சுற்றிய இடத்தை நீண்ட கயிற்றின் மேல் வைத்து, மூன்று புரிகளையும் விரியுங்கள். நடுவில் மேலே கிடப்பது சிவப்பு, இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள் என்று இருக்கட்டும்.

நீண்ட கயிற்றில் ஒரு புரியைக் குச்சியால் தூக்குங்கள். சிவப்பை அதன் அடியில் வலமிருந்து இடமாகச் செருகி இழுங்கள். சாதாரணக் கயிற்றின் முறுக்கு இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாக ஏறும். வலமிருந்து இடமாகப் போகும் புரி அதை நேர்குறுக்காக வெட்டும், அதனால்தான் நழுவாது.

அடுத்து நீலம். சிவப்பு வெளியே வந்த இடைவெளியிலேயே நீலத்தை நுழைத்து, இடப்பக்கம் இருக்கும் அடுத்த புரியின் அடியில் விடுங்கள். இதுவும் வலமிருந்து இடம். ஒரு புரியைத் தாண்டி ஒரு புரியின் அடியில் என்ற கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

7. மூன்றாவது புரி

இங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். கயிற்றை அப்படியே புரட்டுங்கள், கண் உங்கள் பக்கமே இருக்கட்டும். பின்பக்கத்தில் எதுவும் நுழையாத புரி ஒன்று இருக்கும். மஞ்சள் அதன் அடியில் போக வேண்டும்.

புரட்டியதால் மஞ்சள் இப்போது இடப்பக்கமாக வந்து கிடக்கும். கை தானாகவே அதை இடமிருந்து வலமாகச் செருகப் போகும். அது தப்பு. கயிற்றைப் புரட்டினாலும் அதன் முறுக்கு மாறுவதில்லை. முன்பக்கம் ஏறிய அதே சாய்வில்தான் பின்பக்கமும் ஏறுகிறது. ஆகவே மஞ்சளை அந்தப் புரியின் மேலாக வலப்பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து இடப்பக்கமாகச் செருக வேண்டும். சுற்றிக்கொண்டு போவது போலத் தோன்றும். தோன்றட்டும்.

சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீண்ட கயிற்றில் மூன்று இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புரி நுழைய வேண்டும், ஒரு புரி வெளியே வர வேண்டும். மூன்றும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். போன மாதம் ஒரு தம்பி, மேடையில் உட்கார்ந்து முதன்முறை பின்னியவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, நீலமும் மஞ்சளும் ஒரே ஓட்டையில வருதே, பரவாயில்லையா?" பரவாயில்லை என்று விட்டால் அடுத்த நான்கு சுற்றும் அந்தத் தப்பின் மேலேயே ஏறும். இரண்டு புரி ஒரே இடைவெளியில் வெளியே வந்தால் மஞ்சள் தலைகீழாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். உருவி எடுத்து மறுபடி செருகினார். அரை நிமிட வேலை.

சரியாக வந்ததும் மூன்று புரிகளையும் ஒவ்வொன்றாகக் கண் பக்கம் இழுத்து இறுக்கிவிட்டு, ஐந்தாம் படியில் சுற்றிய டேப்பை எடுத்துவிடுங்கள். கழுத்தில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கக்கூடாது.

8. மீதி நான்கு சுற்று

இனி யோசிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நிறமும் பக்கத்துப் புரியைத் தாண்டி, அதற்கு அடுத்த புரியின் அடியில். மூன்று நிறமும் ஒருமுறை போனால் ஒரு சுற்று.

நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் குறைந்தது ஐந்து சுற்று. வழுவழுப்பான இழை என்பதால் பிடிப்பு முழுக்கச் சுற்றின் எண்ணிக்கையில்தான் வருகிறது. சொரசொரப்பான மணிலாவுக்கு மூன்று போதும். மணிலாவில் பழகியவர்கள் நைலானிலும் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். கையால் இழுத்தால் நிற்கும். அலையில் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி மெல்ல உருவிக்கொள்ளும்.

செருகும் முன் ஒவ்வொரு முறையும் புரியை, அது ஏற்கெனவே முறுக்கியிருந்த அதே திசையில் லேசாக முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நாடா போலத் தட்டையாகி, இழைகள் வெளியே துருத்தும். ஒரு நிறத்தை மற்ற இரண்டைவிடப் பலமாக இழுக்கவும் கூடாது. அந்த ஒரு புரி மட்டும் பாரத்தைச் சுமக்கும், கயிறு பக்கவாட்டில் வளையும்.

ஐந்தும் முடிந்ததும் பின்னலைக் காலடியில் போட்டு உருட்டுங்கள். புரிகள் தங்கள் இடத்தில் உட்காரும். நுனிகளை ஒரு செ.மீ. விட்டு வெட்டி, முனையை மட்டும் உருக்குங்கள். ஒட்ட வெட்டிவிடாதீர்கள். முதல் நல்ல இழுப்பில் நுனி சற்று உள்ளே போகும்.

ஒழுங்காகப் பின்னிய கண், கயிற்றின் பலத்தில் தொண்ணூறு சதவீதம் அளவுக்குத் தக்கவைக்கும். அதே இடத்தில் முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

9. மறுமுனையில் நூல் கட்டு

லைட்டரால் உருக்கினால் போதாதா என்று கேட்பார்கள். உருக்கிய முனை கடினமான கட்டியாக இருக்கும். கிளீட்டில் இரண்டு முறை அடிபட்டதும் வெடிக்கும், அதன் விளிம்பு கண்ணாடிச் சில் போலக் கையைக் கீறும். உருக்குவது துணைக்குத்தான், பிடித்து வைப்பது நூல்.

நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, ஊசியை ஒரு புரியின் அடியில் விட்டு இழுங்கள். நூலின் வாலை, சுற்றுக்கு அடியில் போகும்படி கயிற்றோடு படுக்க வையுங்கள். அங்கிருந்து நுனியை நோக்கி, கயிற்றின் முறுக்குக்கு எதிர்த்திசையில், நூலோடு நூல் ஒட்டச் சுற்றிக்கொண்டு போங்கள். புரிகள் பிரியப் பார்க்கும்போது சுற்று இறுக வேண்டும், அதற்குத்தான் எதிர்த்திசை. அகலம் கயிற்றின் தடிமனில் ஒன்றரை மடங்கு; 12 மி.மீ. கயிற்றுக்கு 18 மி.மீ. ஒவ்வொரு சுற்றையும் நூல் கையை அறுக்கும் அளவுக்கு இழுக்க வேண்டும். கையுறை இதற்கும் உதவும்.

இத்தோடு பலர் முடிச்சுப் போட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்படி விட்டால் கட்டு முழுவதும் ஒரு மோதிரம் போலக் கழன்று வரும். நுனிப்பக்க ஓரத்தில் ஊசியை ஒரு புரியின் அடியில் விட்டு அடுத்த பள்ளத்தில் எடுங்கள். இரண்டு புரிகளுக்கு நடுவே சாய்வாக ஓடும் அந்தப் பள்ளத்தின் வழியே, சுற்றுகளின் மேலாக, நூலைக் கீழ் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே மறுபடி ஒரு புரியின் அடியில் விட்டு, அடுத்த பள்ளத்தின் வழியே மேலே போங்கள். மூன்று பள்ளத்திலும் இரண்டு நூல் விழும்வரை இப்படியே. கடைசியில் புரிக்குள் இரண்டு தையல் போட்டு அறுத்துவிடுங்கள். கயிற்று நுனியை ஒரு செ.மீ. விட்டு நறுக்கி, லேசாக உருக்கினால் வேலை முடிந்தது.

10. கட்டும் முன்னும், கட்டிய பிறகும்

கண்ணைத் தூணில் மாட்டி, கயிற்றைக் கிளீட்டில் சுற்றி, உடம்பு எடையால் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து விடுங்கள். நுனிகள் கொஞ்சம் உள்ளே போவது இயல்பு. ஏதாவது ஒரு புரி மட்டும் நகர்ந்தால் அதைப் பிரித்துத் திரும்பப் பின்னுங்கள்.

படகின் விளிம்பில் கயிறு உரசும் இடத்துக்கு உறை வேண்டும். ரப்பர் குழாயை மாட்டாதீர்கள். உள்ளே வெப்பம் அடைபட்டு, உராய்ந்து உராய்ந்து நைலான் உருகும் அளவுக்குச் சூடேறும். தண்ணீர் ஊடுருவும் தடித்த பாலியெஸ்டர் துணியைச் சுற்றித் தைத்தால் மழையே அதைக் குளிர்வித்துவிடும்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, உப்பை வெளியேற்றுங்கள். அப்போதே முறுக்கைத் திறந்து உள்ளே பாருங்கள். மேற்புறம் பஞ்சு போலச் சற்றுக் கிளம்பியிருந்தால் பயமில்லை. அது உள்ளிழைக்கு ஒரு போர்வை. உள்ளே இழைகள் அறுந்து பொடியாக இருந்தாலோ, ஓரிடத்தில் கண்ணாடி போலப் பளபளத்துக் கெட்டித்திருந்தாலோ, ஒரு புரி மட்டும் தடிமன் குறைந்திருந்தாலோ, அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். மிச்சத்தில் நீளம் இருந்தால் ஃபெண்டர் தொங்கவிட ஆகும். எங்கள் படகில் முன்பக்கக் கயிறு இரண்டும் மூன்றாவது ஆண்டில் இருக்கின்றன. அடுத்த சுமத்ரா பருவத்துக்கு முன் புதிது பின்னி மாட்டிவிட்டு, பழையதை ஃபெண்டருக்குக் கொடுக்கப்போகிறேன்.